பெரட்டுச் சீட்டிலிருந்து ஒரு சாதனை வரி

செம்பனைத் தோட்டம் ஒன்றின் அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகளாகக் கிராணியாக இருக்கும் ஒரு பெண்மணி, ஈப்போவில் சம்பளக் கணக்கு வேலை ஒன்றுக்கு விண்ணப்பிக்க எண்ணி, தமது சுயவிவரக் குறிப்பை என்னிடம் கொண்டுவந்தார். ஆள்சேர்ப்புப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமைகளில் இத்தகைய குறிப்புகளைப் பார்த்துத் திருத்திக் கொடுத்து வருகிறேன்.

"சம்பளப் பட்டியல் தயாரித்தல், கோப்புகளைப் பராமரித்தல், தொலைபேசிக்குப் பதிலளித்தல்" என்று அவர் எழுதியிருந்தார். அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதே மூன்று வரிகளை எழுதியிருக்க முடியும். எண்கள் எங்கே என்று கேட்டதற்கு, "அண்ணே, நான் என்ன வியாபாரமா செஞ்சேன், கணக்கு காட்ட?" என்றார்.

அலுவலக வேலை சரியாக நடக்கும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகவே என்ன சாதித்தீர்கள் என்று கேட்பதை விட்டுவிட்டு, வேலை தவறும்போது எந்தக் காகிதம் எழுதப்படும் என்று கேட்பதே என் வழக்கம். அவர் சற்று யோசித்துவிட்டு, சம்பள நாளுக்குப் பிறகு "எனக்கு இரண்டு நாள் குறைகிறது" என்று வரும் தொழிலாளர்களுக்காக எழுதி, மேலாளரின் கையொப்பம் வாங்கும் திருத்தச் சீட்டுகளைக் குறிப்பிட்டார். அவை மாதவாரியாகக் கோப்பில் இருந்தன.

முன்பு, அன்றன்று வேலைக்கு வந்தவர்களைக் குறித்து மண்டோர்கள் தரும் பெரட்டுச் சீட்டுகள் மாதக் கடைசியில்தான் மொத்தமாகச் சம்பளப் பதிவேடான செக்ரோலுடன் ஒப்பிடப்பட்டன; அதற்குள் யார் எந்த நாளில் வந்தார் என்பது மண்டோருக்கே மறந்துபோயிருக்கும். அன்றன்றைய சீட்டை அன்று மாலையே ஒப்பிடும் முறையை இவர்தான் மேலாளரிடம் சொல்லித் தொடங்கினார். மாற்றத்துக்கு முந்தைய ஆறு மாதங்களின் திருத்தச் சீட்டுகளை எண்ணச் சொன்னேன்: 72. பிந்தைய ஆறு மாதங்களில் 24. அதாவது மாதத்துக்குச் சராசரியாக 12 ஆக இருந்த திருத்தங்கள் 4 ஆகக் குறைந்திருந்தன.

உடனே அதை எழுதிவிட நான் விடவில்லை. அதே காலத்தில் ஆட்களின் எண்ணிக்கை பாதியாகியிருந்தால் திருத்தங்கள் தாமாகவே குறைந்திருக்கும். அப்போது அந்த எண் பொய்ப் பெருமையாகிவிடும். ஆட்கள் ஏறக்குறைய 160 பேராகவே இருந்தனர் என்பதைச் செக்ரோலில் உறுதிசெய்த பிறகு, வரி இப்படி அமைந்தது: "ஏறக்குறைய 160 தொழிலாளர்களின் வருகைப் பதிவை அன்றாடம் சரிபார்க்கும் முறையைத் தொடங்கி, சம்பளத் திருத்தங்களை மாதத்துக்கு 12இலிருந்து 4 ஆகக் குறைத்தேன்." 67 விழுக்காடு என்று எழுத அவருக்கு ஆசை. பன்னிரண்டு, நான்கு போன்ற சிறிய எண்களை விழுக்காடாக்கினால், படிப்பவருக்கு எதையோ மறைக்கிறார்கள் என்ற ஐயம்தான் எழும்.

ஆசிரியர்களும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டபின் ஆறாம் ஆண்டு ஆசிரியர்களுக்குக் கைக்கெட்டிய எண் ஒன்று போய்விட்டது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு வகுப்பில் எட்டே பிள்ளைகள் இருக்கக்கூடும். அங்கே "ஆண்டுத் தொடக்கத்தில் பத்தி வாசிக்கத் திணறிய 5 பேரில் 4 பேர் ஆண்டிறுதியில் தடையின்றி வாசித்தனர்" என்பது எந்த விழுக்காட்டையும் விட நம்பத் தக்கது.

இரண்டாவது வரிக்குக் காலக்கெடுவை எடுத்துக்கொண்டோம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி சம்பளம், அதற்குரிய காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் கொடுக்கப்பட வேண்டும். இபிஎஃப், சொக்சோ சந்தாக்கள் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்துவதைச் செய்தது சாதனையா என்று அவர் கேட்டது நியாயமே. ஆனால் சம்பளக் கணக்கு வேலைக்கு ஆள் தேடுபவர் முதலில் பயப்படுவது தாமதத்துக்குத்தான். பதினோரு ஆண்டுகளும் தாமதமில்லை என்று அவர் எழுத விரும்பினாலும், ரசீதுகளைப் பார்த்துச் சொல்ல முடிந்தது கடைசி 36 மாதங்களுக்கு மட்டுமே. எனவே 36 என்றே எழுதினோம். ரசீதுகளின் நகலையோ தொழிலாளர் பெயர்களையோ அலுவலகத்திலிருந்து எடுத்துவர வேண்டாம், எண்ணிக்கையை மட்டும் குறித்து வந்தால் போதும் என்றும் சொன்னேன்.

தொலைபேசிக்கும் சன்னலுக்கு வரும் விசாரணைகளுக்கும் பதிவேதும் இல்லை. இரண்டு வாரம் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினார்: 46, 54. "வாரத்துக்குச் சுமார் 50" என்பது அப்படி வந்தது. நேர்காணலில் எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டால் அந்த இரண்டு வாரத்தைச் சொன்னால் போதும்.

கோப்புகளைப் பற்றிய வரியை நீக்கிவிட்டோம். மேலாளர் விடுப்பில் போகும்போதெல்லாம் பெட்டகச் சாவி இவரிடம்தான் இருந்தது என்பதற்கு எந்த எண்ணும் பொருந்தவில்லை. அதை எண்ணில்லாமலேயே கடைசி வரியாக வைத்தோம்.