ஜாமீன்தாரரே, முதலில் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்

"நான் சும்மா சாட்சிக் கையெழுத்துதான் போட்டேன்." கடன் பாக்கி நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் பத்துக்கு ஒன்பது பேர் இதைத்தான் சொல்கிறார்கள். சாட்சிக்குக் கடனில் பொறுப்பு கிடையாது, ஜாமீன்தாரருக்கு உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128-இன்படி கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாத வரை ஜாமீன்தாரருக்கும் அவ்வளவே. "முதலில் அவரிடம் வசூலித்துவிட்டு என்னிடம் வாருங்கள்" என்பதும் பொதுவாக எடுபடாது.

பாலக்கோட்டில் ஒரு தக்காளி வியாபாரி மினி லாரிக்குக் கடன் வாங்குகிறார். தவணை மாதம் 16,000 ரூபாய். ஜாமீன் போட்டவர் தர்மபுரியில் இருக்கிறார். எட்டாவது தவணையும் நின்ற பிறகு 1,52,000 ரூபாய் கேட்டு இவருக்கு நோட்டீஸ் வருகிறது. எட்டுத் தவணைக்கு 1,28,000 ரூபாய்தானே, மீதி 24,000 எங்கிருந்து வந்தது? நோட்டீஸுக்குப் பிறகு வியாபாரி இரண்டு தவணை கட்டியிருந்தால் அது வரவு வைக்கப்பட்டதா? இதற்கெல்லாம் பதில் கடன் கணக்கு அறிக்கையில்தான் இருக்கும். அதனால் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடாமல் கிளை மேலாளருக்கு இப்படி எழுதுங்கள்:

"மேற்படி கடன் எண்ணுக்கு நான் ஜாமீன்தாரர். கடன் வழங்கிய நாள் முதல் இன்று வரையிலான கணக்கு அறிக்கை, நிலுவையில் அசல், வட்டி, அபராதக் கட்டணம் தனித்தனியாக, வாராக்கடனாக வகைப்படுத்தியிருந்தால் அந்தத் தேதி, கடன்தாரருக்கும் எனக்கும் அனுப்பிய நோட்டீஸ்களின் நகல், அனுப்பிய முகவரி, தபால் ஒப்புகை, என் ஜாமீன் பத்திரத்தின் நகல் ஆகியவற்றைத் தரக் கோருகிறேன். என் உரிமைகளையும் ஆட்சேபணைகளையும் விட்டுக்கொடுக்காமல் இதை எழுதுகிறேன்."

முகவரியைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. பழைய வாடகை வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த நோட்டீஸ்கள் நிறைய. அபராதத்தைத் தனியாகக் கேட்பதற்கும் உண்டு: ரிசர்வ் வங்கியின் 2023 சுற்றறிக்கைப்படி அபராதக் கட்டணத்தின் மேல் வட்டி போடக் கூடாது.

தயவுசெய்து "நான் கட்டிவிடுகிறேன், அவகாசம் கொடுங்கள்" என்று அதே கடிதத்தில் சேர்க்காதீர்கள். காலவரம்பு முடியும் முன் கையெழுத்திட்டுக் கடனை ஒப்புக்கொண்டால், வழக்குப் போடும் கெடு புதிதாகத் தொடங்கும்.

கிளையில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட். "வாடிக்கையாளர் ரகசியம், தர முடியாது" என்பார்கள். உங்களிடம் பணம் கேட்கிறவர்கள் எந்தக் கணக்குப்படி கேட்கிறார்கள் என்று உங்களுக்குக் காட்ட வேண்டாமா? அந்த மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் வங்கி மீது cms.rbi.org.in-இல் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கக் கடன் அங்கே செல்லாது, கூட்டுறவுத் துறை துணைப்பதிவாளரிடம் போக வேண்டும்.

கடிதம் போட்டாயிற்று என்று சும்மா உட்காராதீர்கள். வந்தது, அடமானச் சொத்தை நீதிமன்றம் போகாமலே எடுத்துக்கொள்ள வங்கிக்கு வழிசெய்யும் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) நோட்டீஸ் என்றால் அதன் 60 நாள் கெடு உங்கள் கடிதத்துக்காக நிற்காது. ஆட்சேபணையை அந்த நாட்களுக்குள்ளேயே தனியாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.