மைலோ டின்னுக்குள் இருந்த மாத்திரை

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். காசநோய் வந்து, 6 மாதம் மாத்திரை சாப்பிட்டு, முழுசாகக் குணமாகிவிட்டார். இனி யாருக்கும் அவரிடமிருந்து தொற்றாது. ஆனாலும் மனைவியைத் தவிர யாருக்கும் அது தெரியாது. மாத்திரைகள் அலமாரியின் மேல் ஒரு பழைய மைலோ டின்னில் இருந்தன. ரிஃபாம்பிசின் மாத்திரை சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் என்பதால், தொழிற்சாலைக் கழிவறையை விட்டு வெளியே வருமுன் இரண்டு தடவை தண்ணீர் விட்டுப் பார்ப்பார்.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி 1963இல் எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் எழுதினார். ஒருவரைப் பற்றிய ஒரே ஒரு செய்தி, அவருடைய மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுவதைத்தான் அவர் களங்கம் என்றார். களங்கம் வெளியே தெரிகிறவருக்குப் பிரச்சினை, எதிரே இருப்பவரின் சங்கடத்தைச் சமாளிப்பது. மறைக்க முடிகிறவருக்கு வேலை வேறு: யாரிடம் சொல்வது, எதைச் சொல்வது, எங்கே வாயை மூடிக்கொள்வது என்று செய்தியையே காவல் காப்பது.

நம் ஆள் விடுப்பில் இருந்த வாரங்களுக்குத் தொழிற்சாலையில் முதுகு ஆபரேஷன் என்று சொல்லிவைத்தார். சொந்தக்காரர்களிடம் அலோர் ஸ்டாரில் தற்காலிக வேலை. இரண்டு கூட்டமும் சந்திக்காதவரை சரி. அப்புறம் பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம். "முதுகு இப்ப எப்படிண்ணே?" என்று உடன் வேலை செய்பவர் கேட்க, பக்கத்தில் இருந்த சித்தப்பா, "எந்த முதுகு?" என்று திரும்பினார். அன்று எப்படியோ பேச்சை மாற்றிவிட்டார். அதன் பிறகு எந்த விருந்துக்குக் கூப்பிட்டாலும், யார் யார் வருகிறார்கள் என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் போவார்.

மறைப்பதன் சுமை பொய் சொல்லும் அந்த நிமிடத்தில்தான் இருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். மைக்கேல் ஸ்லெப்பியனும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. ரகசியத்தை ஆட்கள் முன்னால் மறைக்க வேண்டி வரும் தருணங்கள் குறைவு; தனியாக இருக்கும்போது மனம் தானாக அதன் பக்கம் போகும் தருணங்கள்தான் அதிகம். மன நிம்மதி குறைவதும் இப்படி மனம் அலைவதோடுதான் சேர்ந்து காணப்பட்டது. இரவில் சாதாரண இருமல் வந்தாலும் இவர் எழுந்து ஜன்னலைச் சாத்துவது அதனால்தான். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்ற பயம்.

இதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். களங்கம் கூட இருப்பவர்கள் மேலும் ஒட்டும் என்று கோஃப்மனே எழுதியிருக்கிறார். இவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருக்கிறாள். "அந்த வீட்டிலா பெண் எடுக்கிறீங்க?" என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல வேண்டியது அவள்தான்.

தனக்குக் களங்கம் இல்லாவிட்டாலும் விஷயம் தெரிந்து, சாதாரணமாகவே நடத்துகிறவர்களுக்கும் கோஃப்மன் தனி இடம் கொடுத்தார். மாத்திரைகளை வீட்டுக்குக் கொடுத்துவிடும் முன், ஆரம்ப மாதங்களில் கிளினிக்கில் தினமும் தன் கண்முன்னால் இவரை மாத்திரை விழுங்க வைத்த தாதி அப்படிப்பட்டவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயான் பாரு சந்தையில் இருவரும் எதிர்ப்பட்டார்கள். அவர் நின்று, "நல்லா இருக்கீங்களா அண்ணே?" என்று மட்டும் கேட்டார். எப்படிப் பழக்கம் என்று யாருக்கும் சொல்லவில்லை. நம் ஆள் அன்று அவரோடு கத்தரிக்காய் விலையைப் பற்றிக் கொஞ்ச நேரம் நின்று பேசினார்.