அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரே கூடைதான், அளவுதான் வேறு

தக்கலைப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் மகனுடன் நாகர்கோவிலில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்திருந்தார். மகன் குவைத்தில் வேலை, விடுமுறைக்கு வந்தவர். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) டீச்சரிடம் 30 லட்சம் ரூபாய் இருந்தது. தெரிந்தவர் ஒருவர் சொன்னபடி, முழுத் தொகைக்கும் மருந்து, சோப்பு, பிஸ்கட் கம்பெனிகளின் பங்குகளை வாங்கி வைத்திருந்தார். "வயசானவங்களுக்குப் பாதுகாப்பான ஷேர்" என்று சொல்லித்தான் வாங்க வைத்தார்களாம். மகனிடம் 20 லட்சம். அது முழுக்கச் சிறு நிறுவனங்களில் முதலீடு செய்யும் ஃபண்டில் இருந்தது. "இளம் வயசு, வேகமான ஷேர்தான் சரி" என்று அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது போதாதென்று மனைவியின் நகையை அடகு வைத்து இன்னும் 10 லட்சம் போடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

இந்தத் தவறை நான் அடிக்கடி பார்க்கிறேன். பயப்படுகிறவருக்கு ஒரு வகைப் பங்கு, துணிந்தவருக்கு இன்னொரு வகைப் பங்கு என்று கூடையையே மாற்றிக் கொடுப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 1958-லேயே ஜேம்ஸ் டோபின் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டிவிட்டார். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பு, 1952-ல், ஹாரி மார்கோவிட்ஸ் பங்குகளைக் கலந்து ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கணக்கைத் தந்திருந்தார். ரிஸ்க் இல்லாத முதலீடு ஒன்றும் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தார் டோபின். அப்போது கேள்வி இரண்டாகப் பிரிகிறது. எந்தப் பங்குக் கூடை சிறந்தது என்பது ஒன்று. அந்தக் கூடையில் என் பணத்தில் எவ்வளவு போடுவது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கும் உங்கள் பயத்துக்கும் சம்பந்தமே இல்லை. பயமும் துணிச்சலும் இரண்டாவது கேள்வியில்தான் வருகின்றன. இதைத்தான் பிரிவுத் தேற்றம் என்கிறார்கள்.

நம்ம ஊர் சாயாக்கடையில் இது தினமும் நடக்கிறது. லைட்டாகக் கேட்பவருக்கும் ஸ்ட்ராங்காகக் கேட்பவருக்கும் மாஸ்டர் தனித்தனித் தேயிலை போடுவதில்லை. டிக்காக்ஷன் ஒன்றுதான், கிளாஸில் ஊற்றும் அளவுதான் மாறும்.

டீச்சருக்கு ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினேன். கீழே படுத்திருக்கும் கோட்டில் ஏற்ற இறக்கம், நிமிர்ந்து நிற்கும் கோட்டில் எதிர்பார்க்கும் வருமானம். ரிஸ்க் இல்லாத முதலீடு ஆண்டுக்கு 6 சதவீதம் தரும் என்று வைத்தேன். அதற்கு ஏற்ற இறக்கம் கிடையாது, ஆகவே அந்தப் புள்ளி நிமிர்ந்த கோட்டின் மேலேயே விழும். சந்தை முழுவதையும் பரவலாக வாங்கும் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு எதிர்பார்ப்பு 12 சதவீதம், ஏற்ற இறக்கம் 18 சதவீதம் என்று வைத்தேன். இந்த 18-க்கு அர்த்தம், சராசரியாக மூன்று ஆண்டில் சுமார் இரண்டு ஆண்டு வருமானம் மைனஸ் 6-க்கும் பிளஸ் 30-க்கும் இடையில் விழும், மீதி ஓராண்டு அதற்கும் வெளியே போகலாம் என்பது. எல்லாமே கணக்குக்காக வைத்த எண்கள்தான். இரண்டு புள்ளிகளையும் இணைத்தால் வரும் நேர்கோடுதான் கேப்பிட்டல் மார்க்கெட் லைன், தமிழில் மூலதனச் சந்தைக் கோடு.

```
வருமானம் = 6 + ஏற்ற இறக்கம் × (12 − 6) / 18
```

ஆறை பதினெட்டால் வகுத்தால் மூன்றில் ஒன்று. ஒரு சதவீத ஏற்ற இறக்கத்தைத் தாங்கினால் மூன்றில் ஒரு சதவீதம் கூடுதல் வருமானம், இதுதான் சந்தை கொடுக்கும் கூலி. பாதிப் பணத்தைக் கூடையிலும் பாதியை ரிஸ்க் இல்லாத இடத்திலும் வைத்தால் வருமானம் 9, ஏற்ற இறக்கமும் பாதியாகி 9.

டீச்சரின் "பாதுகாப்பான" பங்குகளுக்கு வருவோம். அவற்றுக்கு என் மதிப்பீடு, எதிர்பார்ப்பு 9 சதவீதம், ஏற்ற இறக்கம் 14. ஒரே மாதிரியான இரண்டு துறைகளில் மொத்தமும் கிடப்பதால் ஆட்டம் அவர் நினைத்த அளவுக்குக் குறையவில்லை. அதே 9 சதவீதத்தை, 15 லட்சம் இண்டெக்ஸ் ஃபண்டிலும் 15 லட்சம் அரசுப் பத்திரங்களிலும் வைத்து, 9 சதவீத ஆட்டத்திலேயே வாங்கியிருக்கலாம். அவருடைய புள்ளி கோட்டுக்குக் கீழே கிடந்தது. தாங்கிய ஆட்டத்துக்குரிய கூலி முழுதாக அவருக்கு வரவில்லை.

டீச்சர் உடனே, "அப்ப எனக்க பைசாவில பாதி ஷேர்ல இருக்கட்டும்னு சொல்லுதீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை. பாதி என்பது பழைய வருமானத்தை எட்டுவதற்கான கணக்கு மட்டும்தான். அவருக்குரிய அளவை அவருடைய மனசைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் இப்படிக் கேட்டேன்: "2008 மாதிரி ஒரு வருஷம் வந்து சந்தை பாதியாயிட்டா, உங்க முப்பதில எவ்வளவு குறைஞ்சா விற்காம இருப்பீங்க, டீச்சர்?" அந்த ஆண்டு நிஃப்டி பாதிக்கும் மேல் இறங்கியது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நாலு லட்சம். அதுக்கு மேல போனா உறக்கம் வராது" என்றார்.

அதை வைத்துக் கணக்குப் போட்டோம். பாதி அளவு என்றால் 15 லட்சம் ஏழரை ஆகும். மறுபக்கம் வரும் வட்டி 90 ஆயிரத்தைக் கழித்தாலும் 6 லட்சத்து 60 ஆயிரம் குறையும். அது அவரால் முடியாது. மூன்றில் ஒரு பங்கு என்றால் 10 லட்சம் 5 லட்சமாகும், 20 லட்சத்துக்கு வட்டி 1 லட்சத்து 20 ஆயிரம் வரும், நிகரக் குறைவு 3 லட்சத்து 80 ஆயிரம். அவர் சொன்ன எல்லைக்குள் அடங்குகிறது. எதிர்பார்ப்பு 8 சதவீதம், ஏற்ற இறக்கம் 6. அந்த இடத்தில் நிறுத்தினோம்.

ரிஸ்க் இல்லாதது எது என்பதில்தான் நம் மாவட்டத்தில் பெரிய குழப்பம். "தனியார் ஃபைனான்ஸ்ல 12 சதவீதம் வட்டி தாராங்க, நமக்கு எதுக்கு சந்தை?" என்று கேட்பவர்கள் பலர். கோட்டை 12-ல் தொடங்கினால் சந்தையின் கூலி 12 கழித்தல் 12, அதாவது பூஜ்யம். பங்கு வாங்கவே காரணம் இருக்காது. ஆனால் அந்த 12 நிமிர்ந்த கோட்டின் மேல் இருக்கும் புள்ளியே இல்லை. அதற்கும் ஆட்டம் உண்டு. தினமும் விலை போடுவதில்லை என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். வந்தால் முழு வட்டி, போனால் முதலும் சேர்ந்தே போகும். ரிஸ்க் இல்லாதது என்றால் ரிசர்வ் வங்கி அரசுக்காக ஏலம் விடும் 91 நாள் கருவூல உண்டியல் போன்றது. ரிசர்வ் வங்கியின் ரீட்டெயில் டைரக்ட் கணக்கு வழியாக 10,000 ரூபாயிலிருந்து நாமே வாங்கலாம். தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கும் அரசின் உத்தரவாதம் உண்டு, ஐந்தாண்டுத் திட்டம், அதற்கு முன் மூடினால் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். வங்கி வைப்பு என்றால் ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. ஊர்த் தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் போடும் வைப்புக்கு அந்தக் காப்பீடும் கிடையாது. டீச்சரின் 20 லட்சத்தில் 15 தபால் நிலையத்துக்கும் 5 கருவூல உண்டியலுக்கும் போனது.

மகனின் கதைக்கு வருகிறேன். கோட்டைச் சந்தைப் புள்ளிக்கு அப்பாலும் நீட்டலாம் என்று பாடத்தில் இருக்கும். கடன் வாங்கிக் கூடையில் கூடுதலாகப் போட்டால் அந்த நீட்சியில் போய் நிற்கலாம். இருபதோடு கடன் பத்தும் சேர்த்து முப்பதையும் கூடையில் போட்டால் ஒன்றரை மடங்கு. கடனுக்கும் 6 சதவீத வட்டிதான் என்றால் சொந்தப் பணத்துக்கு 15 சதவீதம் எதிர்பார்க்கலாம், ஏற்ற இறக்கம் 27. ஆனால் இந்த 6 சதவீதத்துக்கு அரசுதான் கடன் வாங்க முடியும், நம்மால் முடியாது. அவருக்குச் சொன்ன நகைக்கடன் வட்டி 11. அதைப் போட்டால் எதிர்பார்ப்பு 12.5-க்கு இறங்குகிறது, ஆட்டம் மட்டும் அதே 27. கடனில்லாமல் நின்றிருந்தால் 12-ம் 18-ம். அரை சதவீதத்துக்காக ஒன்பது சதவீத ஆட்டத்தைத் தலையில் ஏற்றுகிறார். மூன்றில் ஒன்றாக இருந்த கூலி பதினெட்டில் ஒன்றாகிவிடுகிறது. கோடு அந்த இடத்தில் ஒடிந்து சாய்கிறது.

"சந்தை பாதியானா என்ன ஆகும் தம்பி, நீங்களே போட்டுப் பாருங்க" என்று தாளை அவரிடம் நகர்த்தினேன். முப்பது பதினைந்தாகும். கடன் பத்தும் வட்டி 1 லட்சத்து 10 ஆயிரமும் போனால், இருபதில் மிஞ்சுவது 3 லட்சத்து 90 ஆயிரம். இதற்கிடையில் குவைத் வேலையும் போய்விட்டால் மனைவியின் நகை ஏலத்துக்குப் போகும். அவர் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. கடன் எண்ணத்தை அன்றே விட்டுவிட்டார்.

சிறு நிறுவன ஃபண்ட் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். கடன் வட்டியும் ரிஸ்க் இல்லாத வட்டியும் ஒன்றாக இருக்கும் வரைதான் "எல்லோருக்கும் ஒரே கூடை" முழுசாக நிற்கும். இரண்டும் வேறுபடும்போது, 18-க்கு மேல் ஆட்டத்தைத் தாங்கத் தயாராக இருப்பவர் கூடைக்குள் இருக்கும் கலவையையே கொஞ்சம் மாற்றுவதில் நியாயம் உண்டு. ஆகவே துணிந்தவர் சிறு நிறுவனப் பங்கைக் கூட்டுவதை முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது தன் பணம் முழுவதையும் கூடையில் போட்டுவிட்டவருக்கு அடுத்த கட்டக் கேள்வி. இந்தத் தம்பியிடம் எல்லையைக் கேட்டபோது எட்டு லட்சத்தில் நின்றார். அதற்கு 16 லட்சம் கூடையில், 4 லட்சம் ரிஸ்க் இல்லாததில் வைத்தால் போதும், முழுசும்கூடத் தேவையில்லை.

அம்மாவின் 10 லட்சமும் மகனின் 16 லட்சமும் இப்போது ஒரே இண்டெக்ஸ் ஃபண்டில்தான் இருக்கின்றன. கோட்பாடு கேட்கும் சந்தைக் கூடையில் நிலம், தங்கம், ரப்பர்த் தோட்டம் எல்லாமே அடங்க வேண்டும், அது யாராலும் வாங்க முடியாத கூடை. இண்டெக்ஸ் ஃபண்ட் அதற்கு ஒரு மாற்றுத்தான். பன்னிரண்டு என்ற எதிர்பார்ப்பும் பத்தாக முடியலாம். அப்போது ரிஸ்க் இல்லாததற்கு மேல் கிடைக்கும் கூடுதல் ஆறிலிருந்து நாலாகும், கூடையில் போடும் அளவைக் குறைக்க வேண்டிவரும். அப்போதும் அம்மாவுக்குத் தனிக் கூடை தேவைப்படாது.

ஓராண்டு கழிந்து டீச்சர் மறுபடி வந்தார். 10 லட்சம் 13 ஆகியிருந்தது. வட்டியை அவ்வப்போது செலவுக்கு எடுத்ததால் மறுபக்கம் 20 அப்படியே நின்றது. "ஏறிட்டு வாறதை ஏன் எடுக்கணும் சார்?" என்று கேட்டார். பழைய தாளை எடுத்து அதே கேள்வியை மறுபடி போட்டோம். இப்போது சந்தை பாதியானால் 6 லட்சத்து 50 ஆயிரம் போகும், வட்டியைக் கழித்தாலும் 5 லட்சத்து 30 ஆயிரம் குறையும். அவர் சொன்ன நாலைத் தாண்டிவிட்டது. மொத்தம் 33-ல் மூன்றில் ஒன்று 11, அதை வைத்தாலும் 4 லட்சத்து 18 ஆயிரம் குறையும்; பத்தரை லட்சம் என்றால் 3 லட்சத்து 90 ஆயிரத்தில் நிற்கும். ஆகவே இரண்டரை லட்சத்தை விற்றுக் கருவூல உண்டியலுக்கு மாற்றச் சொன்னேன். அந்த இரண்டரை லட்சத்தில் லாபம் சுமார் 58 ஆயிரம்தான். ஓராண்டு தாண்டி விற்கும் பங்கு ஃபண்டின் லாபத்தில் ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் வரை வரி கிடையாது, அவருக்கு வேறு பங்கு லாபமும் இல்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தம்பியின் கணக்கையும் இதேபோல் பார்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வடசேரி பஸ்ஸுக்குக் கிளம்பினார்.