ஈயின் படத்தில் நிறத்தை நம்பாதீர்கள்

ஈயைக் கிட்டத்தில் படம் எடுத்தவர்கள் முதலில் சொல்வது அதன் நிறத்தைத்தான். பச்சையாக மின்னுகிறது, கண் சிவப்பாக இருக்கிறது என்பார்கள். செல்போன் படத்தில் எளிதில் ஏமாற்றுவதும் அந்த நிறமே. ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால் சாம்பல் நிற ஈயும் மினுமினுக்கும். நிழலில் எடுத்தால் பச்சை ஈயும் கறுப்பாகத் தெரியும். அளவும், சிறகை வைத்திருக்கும் விதமும், சிறகில் ஓடும் ஒரே ஒரு நரம்பின் வளைவும் அப்படி மாறுவதில்லை.

மலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விடியற்காலைக் குளிரில் ஈக்கள் விறைத்துப்போய் ஜன்னல் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். வெயில் ஏறும்வரை அவை பறக்க மாட்டா. அந்த நேரத்தில் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால் போதும். கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சம் இருப்பதால் சிறகு நரம்புகள் கோடு போட்டதுபோல் தெளிவாக விழும். அருகில் ஒரு 10 ரூபாய் நாணயத்தை வைத்துவிடுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர். படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஈயின் நீளத்தை அதை வைத்துக் கணக்கிட்டுவிடலாம்.

அளவிலேயே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். மணல் ஈ 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். சமையலறைப் பழ ஈயும் ஏறக்குறைய அதே அளவு. வீட்டு ஈ 6 முதல் 7 மில்லிமீட்டர். அழுகிய இறைச்சியைத் தேடி வரும் நீல ஈயும் பச்சை ஈயும் பெரும்பாலும் 8 மில்லிமீட்டருக்கு மேல், சில 12 வரைகூட வளரும்.

மிகவும் தவறாகப் பெயர் சூட்டப்படுவது மணல் ஈதான். மலை வீடுகளில் குளியலறைச் சுவரில் ரோமம் அடர்ந்த ஒரு குட்டிப் பூச்சி உட்கார்ந்திருக்கும். அதைப் படம் எடுத்து, மணல் ஈ என்று எண்ணி, அது கடித்துப் பரப்பும் காலா அசார் நோய் வந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பெரும்பாலும் சாக்கடை ஈ. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டுக்கும் உடலெங்கும் ரோமம் உண்டு. குழப்பம் வருவதில் வியப்பில்லை. பிரித்தறிய, உட்கார்ந்திருக்கும்போது சிறகு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மணல் ஈ தன் இரண்டு சிறகுகளையும் முதுகுக்கு மேலே உயர்த்தி, ஆங்கில V எழுத்தாக விரித்து வைத்திருக்கும். உடல் மெலிந்து, மார்புப் பகுதி கூன் விழுந்து, கால்கள் நீண்டிருக்கும். சாக்கடை ஈயோ சிறகைக் கூரைச் சரிவாக உடல் மேல் சாய்த்து மூடிக்கொள்ளும். சிறகும் அகலமாக, சிறு அந்துப்பூச்சியின் தோற்றத்தில் இருக்கும். அது கடிக்காது. தண்ணீர் போகும் குழாயின் உட்புறத்தில் படியும் வழவழப்பான அழுக்கில்தான் அதன் புழு வளரும். குழாயைத் தேய்த்துக் கழுவினால் அது தீர்ந்தது.

மணல் ஈயின் புழுவுக்குத் தேங்கிய தண்ணீரும் வேண்டாம், கடற்கரை மணலும் வேண்டாம். அதற்கு வேண்டியது இருட்டு, ஈரம், மக்கிய பொருள் கலந்த மண். மாட்டுத்தொழுவத் தரையின் விரிசல், மண்சுவர்ப் பொந்து, எலி வளை, பழைய மரப்பொந்து போன்ற இடங்களில் முட்டையிடும். இந்தியாவில் பீகார் பக்கம் காலா அசாரைப் பரப்புவது ஃபிளெபோடோமஸ் அர்ஜெண்டிபெஸ் என்ற இனம். அது வெதுவெதுப்பான தாழ்நிலப் பூச்சி. உதகையின் உறைபனியில் மணல் ஈ என்று யாராவது படம் காட்டினால் நான் முதலில் சந்தேகப்படுவேன்; மலையடிவாரக் கிராமத்துத் தொழுவத்தில் எடுத்தது என்றால் கூர்ந்து பார்ப்பேன். ஓடைக்கரையில் கடித்த, கூன் முதுகுள்ள குண்டுக் கறுப்புப் பூச்சி என்றால் அது மணல் ஈயும் அல்ல. அது கருப்பு ஈ. அதன் புழு ஓடும் நீரில் பாறையைப் பற்றிக்கொண்டு வளர்வது.

அடுத்தது பழ ஈ. இந்தப் பெயரில் உறவே நெருங்காத இரண்டு பூச்சிகள் இருக்கின்றன. சமையலறையில் வாழைப்பழத்தைச் சுற்றிப் பறக்கும், சிவந்த கண்ணும் மஞ்சள் பழுப்பு உடலும் கொண்ட 3 மில்லிமீட்டர் பூச்சி டிரோசோஃபிலா. அதன் புழு உண்மையில் பழத்தைவிட, புளித்துப்போன சாற்றில் வளரும் ஈஸ்டைத்தான் தின்கிறது. ஆகையால் பழம் இல்லாத வீட்டிலும் அது வரும்; காலி ஜூஸ் பாட்டில், குப்பைக்கூடையின் அடியில் ஒட்டிய தோல், கழுவாமல் விட்ட துடைப்பான் எதிலும் பெருகும். 25 டிகிரி வெப்பத்தில் முட்டை முழு ஈயாக ஏறக்குறைய 10 நாள் ஆகும். 18 டிகிரியில் கிட்டத்தட்ட அதன் இருமடங்கு. குன்னூர் சமையலறையில் பழத்தோலை நெடுநாள் விட்டுவைத்தாலும் ஈ தென்படாததற்கு இதுவே காரணம். விட்டுவைத்தது கடைசியில் மொத்தமாக வெளிவரும்.

தோட்டக்காரர் சொல்லும் பழ ஈ வேறு. பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் என்ற அந்த இனம் வீட்டு ஈயின் அளவு இருக்கும், முதல் பார்வையில் குளவி என்றே நினைக்கத் தோன்றும். மார்பு கறுப்பு, அதன் இருபுறமும் மஞ்சள் பட்டை, வயிற்றின் மேல் கறுப்பு T அடையாளம், கண்ணாடிச் சிறகின் முன் ஓரத்தில் மெல்லிய கறுப்புக்கரை. பெண் ஈ பழுக்கத் தொடங்கும் கொய்யா, பேரி, பிளம்ஸ் போன்றவற்றின் தோலைக் குத்தி உள்ளே முட்டையிடும். புழு சதையைத் தின்று முடித்ததும் பழத்தைவிட்டு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். பழனி மலையில் பேரிக்காய் மரத்தடியில் விழுந்த பழத்தை அப்படியே விட்டுவைப்பவர், அடுத்த தலைமுறை ஈக்குத் தீவனம் போடுகிறார். மெத்தில் யூஜினால் என்ற ஈர்ப்புப் பொருள் வைத்த பொறியில் சிக்குவது ஆண் ஈக்கள் மட்டுமே என்பதையும் மனதில் கொள்ள வேண்டும். பொறி நிறைந்துவிட்டது என்று விழுந்த பழத்தைப் பொறுக்காமல் விட்டால் பயன் இல்லை.

வீட்டு ஈயை அடையாளம் காண, மார்பின் மேலே பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தின் மேல் நான்கு கறுப்புக் கோடுகள் நீளவாக்கில் ஓடும். கோடு மூன்றாகவும், வயிறு கட்டம் போட்டதாகவும், உடல் பெரிதாகவும் இருந்தால் அது சதை ஈ. அடுத்து சிறகு. நுனியை நோக்கிச் செல்லும் நான்காம் நரம்பு, விளிம்பை நெருங்கும் முன் திடீரென முன்பக்கம் மடங்கி மூன்றாம் நரம்பை ஏறக்குறையத் தொடும். கண்ணாடி ஜன்னலில் எடுத்த படத்தில் இந்த மடிப்பு நன்றாகத் தெரியும். இந்த நரம்பு மடங்காமல் நேராக ஓடினால் அது சிறிய வீட்டு ஈ என்ற ஃபேனியாவாக இருக்கலாம். அறை நடுவில் விளக்கின் கீழே ஓயாமல் வட்டமடித்துக்கொண்டிருப்பது அதன் ஆண் ஈதான். காலைக் கடிக்கிற, ஊசிபோன்ற வாய் முன்னால் நீட்டியிருக்கிற ஈ என்றால் அது தொழுவ ஈ. சாணமும் சிறுநீரும் கலந்து ஊறிய வைக்கோலில் பெருகும்.

நீலகிரிக் காய்கறித் தோட்டங்களில் வீட்டு ஈ கூட்டமாக வருவதற்குப் பெரும்பாலும் கோழி எருதான் காரணம். கேரட், உருளைக்கிழங்கு நிலத்துக்குக் கோழிப்பண்ணை எரு லாரியில் வந்து இறங்கும். நன்கு மக்காமல் ஈரமாகவே குவித்து வைத்தால், அதிலேயே முட்டையிட்டுப் புழு வளரும். முப்பது டிகிரிக்கு மேல் இருக்கும் சமவெளியில் ஒரு வாரம் முதல் பத்து நாளில் முடியும் வளர்ச்சி, 16 டிகிரியில் ஒரு மாதத்தையும் தாண்டும். குவியலின் உட்புறம் தன் சூட்டிலேயே வெதுவெதுப்பாக இருப்பதால் மலையின் குளிர் அங்கே பெரிதாகத் தடுக்காது. முதிர்ந்த புழு உலர்ந்த ஓரத்துக்கு நகர்ந்து கூட்டுப்புழுவாகும். குவியலின் விளிம்பைக் கிளறிப் பார்த்தால் பழுப்புநிறக் கூடுகள் கிடைக்கும்.

இனி மின்னும் ஈக்கள். மேய்ச்சல் நிலத்துச் சாணியின் மேல் பச்சையாகப் பளபளப்பது, பிணத்தைத் தேடி வரும் பச்சை ஈயாகவே இருக்க வேண்டியதில்லை. நியோமியா என்ற அதே நிறத்து ஈ வீட்டு ஈயின் குடும்பத்தைச் சேர்ந்தது; சாணியில் வளர்வது. இரண்டையும் பிரிப்பது, பக்கவாட்டுப் படத்தில் சிறகடிக்குக் கீழே நிமிர்ந்து நிற்கும் முள்மயிர் வரிசை. பச்சை ஈ சேர்ந்த பிண ஈக் குடும்பத்துக்கு அது உண்டு, நியோமியாவுக்கு இல்லை. செல்போனில் இது விழாது. சிறு பெரிதாக்கும் லென்ஸ் தேவைப்படும். லென்ஸ் இல்லையென்றால் "பச்சை ஈ, இனம் தெரியாது" என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை.

கோத்தகிரியில் ஆறு வாரம் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைத் திறந்தபோது, ஜன்னல் விளிம்பெல்லாம் ஈக்கள் செத்துக் கிடந்தன. எனக்கு வந்த படத்தில் நாணயத்தை வைத்து அளந்தால் நீளம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். ஆகவே அது வீட்டு ஈ அல்ல. மார்பு மங்கிய கருநீலம், வயிறு மட்டும் நீலமாக மின்னியது. கோடு மூன்று என்று எண்ணும்படியும் இல்லை, சதை ஈயும் அல்ல. குளிரை விரும்பும் கேலிஃபோரா என்ற நீல ஈயின் பொதுத் தோற்றம் அது. வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "குப்பையே இல்லையே சார், எலி நாற்றமும் இல்லை" என்றார். ஆனால் இந்த ஈ குப்பைத்தொட்டியில் பிறந்து ஜன்னலுக்கு வருவதில்லை. செத்த உயிரில் பிறக்கிறது. பூட்டிய வீட்டில் பிறந்தவை வெளிச்சத்தைத் தேடி ஜன்னலில் மோதிச் சாகும். ஆகவே பிறந்த இடம் வீட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

கூரைச் சட்டத்தின் மேல் காய்ந்த எலி ஒன்று கிடைத்தது. வாரக்கணக்கில் உலர்ந்ததால் நாற்றம் போயிருந்தது. கூடுகள் எலியின் பக்கத்தில் இல்லை. தின்று முடித்த புழுக்கள் ஊர்ந்து விலகி, தூரத்தில் பழைய சாக்குக்கு அடியில் கூட்டுப்புழுவாகியிருந்தன. இந்த வேளையில் கூட்டின் நுனியைப் பார்ப்பது முக்கியம். ஈ வெளியேறும்போது நுனியின் மூடியைத் தள்ளித் திறந்துவிட்டுப் போகும். அங்கே எல்லாக் கூடுகளும் திறந்து, வெறுமையாகக் கிடந்தன. மருந்து அடிக்க வேண்டாம், எலியையும் சாக்கையும் எடுத்துப் புதைத்தால் போதும் என்று சொல்லிவிட்டேன். மூடிய கூடுகள் இருந்திருந்தால், இன்னும் பல நாள் அந்த ஜன்னலில் ஈ தோன்றிக்கொண்டே இருந்திருக்கும்.