நடுச்சுவர் யாருடையது, பழுதுச் செலவு யாருக்கு?

இரண்டு வீடுகளுக்கு நடுவே நிற்கும் சுவர் யாருடையது என்பதைச் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. முதலில் பார்க்க வேண்டியது இரு தரப்பின் கிரயப் பத்திரங்களையும்தான். அவற்றில் நான்கெல்லை எழுதியிருக்கும் இடத்தில் ‘மேற்குச் சுவர் பொது’ என்றோ, ‘சுவர் உட்பட’ என்றோ குறிப்பு இருந்தால் அதுவே முதன்மையான ஆதாரம். பத்திரம் மௌனமாக இருந்தால், புல வரைபடத்தின்படி சர்வேயரைக் கொண்டு எல்லையை அளந்து, கோடு சுவருக்குள் ஓடுகிறதா, வெளியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். சுவரின் தூண்கள் யார் பக்கம் துருத்திக்கொண்டிருக்கின்றன என்பதை வைத்துச் சண்டையிடுவோர் பலர். அது ஒரு அடையாளமே தவிர, தனித்து நிற்கும் சான்று ஆகாது.

உதாரணமாக, 9 அங்குலக் கனமும் 40 அடி நீளமும் உள்ள ஒரு பொதுச் சுவரை எடுத்துக்கொள்வோம். இருவரும் அதை வழக்கமான முறையில் பயன்படுத்தலாம். ஆனால் ஒருவர் மட்டும் மாடி கட்டுவதற்காக, மற்றவரின் சம்மதமில்லாமல் அதன் மேல் சுவரை உயர்த்துவதோ, முழுக் கனத்துக்கும் உத்தரத்தை ஏற்றி மற்றவர் பயன்படுத்த இடமில்லாமல் செய்வதோ கூடாது. அப்படி வேலை தொடங்கினால் உடனே உரிமையியல் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கோர வேண்டும். மாடி எழும்பிய பிறகு போனால், இடிக்கச் சொல்வதற்குப் பதிலாக இழப்பீட்டோடு நிறுத்திவிட நேரலாம்.

அதே சுவரில் 12 அடி நீளப் பகுதி சாய்ந்துவிட்டால் செலவை இருவரும் பகிர்வதே நியாயம். எனினும் ஒருவர் கேட்காமலே சரிசெய்துவிட்டுப் பாதிப் பணம் கேட்டால், அதை வசூலிப்பது எளிதல்ல. ஆகவே பழுதின் புகைப்படம், கொத்தனாரின் மதிப்பீடு, அண்டைவீட்டாருக்கு விரைவுத் தபாலில் அனுப்பிய தேதியிட்ட கடிதம் ஆகிய மூன்றையும் வேலைக்கு முன்பே சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது, சுவர் பொதுவாக இல்லாத நிலையைத்தான். சுவர் ஒருவருடையதாக இருந்து, அதன் மேல் தன் உத்தரத்தைத் தாங்கவைக்கும் உரிமை மட்டும் அண்டைவீட்டாருக்கு இருந்தால், 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவுப்படி, அந்த உரிமையைப் பயன்படுத்துவதற்கோ பாதுகாப்பதற்கோ தேவையான பழுதுபார்ப்புச் செலவு உரிமையை அனுபவிப்பவரையே சேரும். சுவரின் சொந்தக்காரர் தன் செலவில் அதைச் செப்பனிட்டுத் தர வேண்டியதில்லை. அந்தப் பழுதுபார்ப்பைத் தடுக்கவும் கூடாது. அத்தகைய எந்த உரிமையும் இல்லாத அண்டைவீட்டாரோ, சொந்தக்காரரின் அனுமதியின்றி அதில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது.