எக்கோ அறையில் உயரமும் எடையும் கேட்பது சும்மா இல்லை

ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடித்து அளக்கும் எக்கோ ரிப்போர்ட்டின் தலைப்பகுதியில் பெயர், வயதுக்கு அடுத்தாற்போல் உயரம், எடை என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். கைக்கு வரும் ரிப்போர்ட்டுகள் பலவற்றில் அவை காலியாகக் கிடக்கின்றன. நிரப்பியிருந்தாலும் 160, 60 என்று அழகான வட்ட எண்கள். யாரும் தராசில் ஏறவில்லை என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். கேட்டால் வரும் பதிலும் ஒன்றுதான்: "இதயத்தை நேரடியாக அளந்து மி.லி.யில் கொடுத்துவிட்டோமே, அப்புறம் எடை எதற்கு?"

எதற்கு என்று ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். இதயத்தின் இடது மேலறையை மட்டும் எடுத்துக்கொள்வோம். இடது கீழறைக்குள் அழுத்தம் நாள்பட ஏறியிருந்தால் அதன் சுவடு முதலில் பதிவது பெரும்பாலும் இந்த அறையில்தான். அது விரிந்திருக்கிறதா என்பதை வைத்துத்தான் மூச்சுத்திணறலுக்குக் காரணம் இதயமா என்று யோசிக்கிறோம், படபடப்பு வந்தவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாறுமாறான இதயத்துடிப்பு வரும் வாய்ப்பை எடைபோடுகிறோம்.

148 செ.மீ. உயரமும் 42 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்கு இடது மேலறையின் கொள்ளளவு 52 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள். 182 செ.மீ., 88 கிலோ உள்ள ஓர் ஆணுக்கு 60 மி.லி. எண்ணை மட்டும் பார்த்தால் பெரிய அறை ஆணுக்குத்தான். இப்போது உடற்பரப்பைக் கணக்கிடுவோம். கையால் போடுவதற்கு எளிது 1987-இல் வந்த மோஸ்டெல்லர் சூத்திரம்:

```
BSA = √(உயரம் செ.மீ. × எடை கிலோ ÷ 3600)
```

பெண்ணுக்கு 1.31 சதுர மீட்டர், ஆணுக்கு 2.11 வருகிறது. கொள்ளளவை இதனால் வகுத்தால் பெண்ணுக்கு சதுர மீட்டருக்கு 39.7 மி.லி., ஆணுக்கு 28.4. இயல்பின் மேல் எல்லை இருபாலருக்கும் 34. ஆக, விரிந்திருப்பது அந்தப் பெண்ணின் மேலறை; ஆணுடையது இயல்பானது. வகுக்காமல் விட்டிருந்தால் தீர்ப்பு தலைகீழாகியிருக்கும்.

"எல்லோருக்கும் இதயம் கைமுஷ்டி அளவுதான்" என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியதோ தெரியவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்கள். சரி, யாருடைய முஷ்டி? பெரிய உடம்புக்கு அதிக ரத்தம் தேவை. அதை அனுப்பும் இதயமும் பெரிதாகத்தான் இருக்கும், அது நோயல்ல. சிறிய உடம்பில் அதே அளவு இருந்தால் அது நோய். குழந்தைகளைப் பார்க்கும் எக்கோ மருத்துவரிடம் உடல் அளவு இல்லாத ரிப்போர்ட்டைக் கொடுத்துப் பாருங்கள், திருப்பியே அனுப்பிவிடுவார். வளர்ந்தவர்களுக்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

எடையே எழுதாத ரிப்போர்ட்டைவிட ஆபத்தானது ஊகித்து எழுதிய ரிப்போர்ட். அதே பெண்ணுக்கு "பார்த்தால் ஒரு 160, 58 இருக்கும்" என்று போட்டால் உடற்பரப்பு 1.61 ஆகிவிடும். 52-ஐ அதனால் வகுத்தால் 32.3. நோய் அந்த இடத்திலேயே மறைந்துவிட்டது. ரிப்போர்ட்டில் "இயல்பு" என்று அச்சாகிவிடும், யாருக்கும் சந்தேகம் வராது. முந்தைய நோயாளியின் உயரமும் எடையும் மெஷினில் அப்படியே தங்கிவிடுவதும் நடக்கிறது. அவர் 2.11 ஆளாக இருந்தால் நம் பெண்ணுக்கு 24.6 வரும்.

இன்னொன்று, உயரத்தையும் எடையையும் கட்டம் மாற்றித் தட்டுவது. மோஸ்டெல்லர் சூத்திரம் இரண்டையும் பெருக்கத்தான் செய்கிறது. மாறிப்போனாலும் விடை மாறாது, தப்பித்தீர்கள். ஆனால் பல மெஷின்களில் இருப்பது 1916-ஆம் ஆண்டின் டுபோய்ஸ் சூத்திரம். அதில் 42 செ.மீ., 148 கிலோ என்று மாறினால் 1.32 வரவேண்டிய இடத்தில் 0.90 வரும். வளர்ந்தவருக்கு 0.90 என்று பார்த்ததும் கை நின்றுவிட வேண்டும். (அந்தச் சூத்திரம் ஒன்பதே பேரை அளந்து எழுதப்பட்டது. நூறாண்டு தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது.)

எடையைச் சரியாகப் போட்டாலும் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு: உடல் பருமன். 150 செ.மீ., 95 கிலோ உள்ள ஒரு பெண்ணுக்கு மேலறை 60 மி.லி. உடற்பரப்பு 1.99, வகுத்தால் 30.2, இயல்பு. ஆனால் சேர்ந்திருக்கும் கொழுப்பு, அதே எடைத் தசையைப் போல ரத்தம் கேட்பதில்லை. வகுக்கும் எண் மட்டும் ஊதிப்போகிறது; விரிந்த அறை அதற்குள் ஒளிந்துகொள்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். 60-ஐ 2.25-ஆல் வகுத்தால் 26.7. இந்த முறையில் பெண்களுக்கு எல்லை 16.5, ஆண்களுக்கு 18.5. தெளிவாகவே விரிந்திருக்கிறது. முன்பு பார்த்த உயரமான ஆணுக்கும் இதே 60 மி.லி.தான், அவருக்கு 18.1, எல்லைக்குள் நிற்கிறார்.

அறுவை சிகிச்சை முடிவுகளிலும் இதே கதைதான். அயோர்ட்டிக் வால்வு கடுமையாகக் கசிபவருக்கு இடது கீழறையின் விட்டம், அது சுருங்கி முடித்த நிலையில் 50 மி.மீ. தாண்டினால் அறுவை சிகிச்சை என்று எல்லோருக்கும் மனப்பாடம். சதுர மீட்டருக்கு 25 மி.மீ. தாண்டினாலும் என்பது அதே வழிகாட்டுதலில்தான் இருக்கிறது. நம் 1.31 பெண்ணுக்கு அந்த அளவு 36 மி.மீ. என்றால் வகுத்தபின் 27.5. அவரை "50 ஆகட்டும்" என்று காக்க வைத்தால் அதற்குள் தசை கெட்டுப்போயிருக்கும்.

எதை வகுக்கக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்பில் எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்று சொல்லும் எஜெக்ஷன் ஃப்ராக்ஷன் ஏற்கெனவே ஒரு விகிதம். அதை யாராவது உடற்பரப்பால் வகுத்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

எக்கோ எடுப்பவர்களே, நோயாளி ஒவ்வொருவரையும் தராசில் ஏற்றுங்கள், சுவரில் நிறுத்தி அளங்கள், செருப்பைக் கழற்றச் சொல்லுங்கள். மூன்று நிமிட வேலை. "ஐந்தே நாலு" என்று சொன்னால் அது ஐந்து அடி நாலு அங்குலம், 5.4 அடி அல்ல, செ.மீ.யில் மட்டும் தட்டுங்கள். படுத்த படுக்கையாக வந்தவரை நிறுத்த முடியாதுதான். அப்போது உறவினர் சொன்ன எடையைப் போட்டு, பக்கத்தில் "சொன்னது" என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். படிப்பவர் அந்த எண்ணை எவ்வளவு நம்புவது என்று அவரே முடிவுசெய்துகொள்வார்.

வகுத்த எண்ணோடு வகுக்காத எண்ணையும் ரிப்போர்ட்டில் விட்டுவைக்க வேண்டும். இதயம் செயலிழந்து கால் வீங்கி வந்தவருக்கு 170 செ.மீ., 80 கிலோ, மேலறை 66 மி.லி. என்றால் வகுத்தது 34.0, எல்லையைத் தாண்டவில்லை, இயல்பு. மருந்தில் பத்து கிலோ நீர் வடிந்து 70 கிலோவாகத் திரும்பி வருகிறார், மேலறை அதே 66. இப்போது 36.3, "லேசாக விரிந்துள்ளது" என்று ரிப்போர்ட் சொல்லும். சிகிச்சையில் தேறியவரிடம் இதயம் பெரிதாகிவிட்டது என்று சொல்லிப் பயமுறுத்துவதற்கு முன் பழைய ரிப்போர்ட்டை எடுத்து, மி.லி.யையும் அன்றைய எடையையும் ஒருமுறை பாருங்கள். நோயாளிகளே, நீங்களும் பழைய ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு வாருங்கள்.