முதுகெலும்பை எடுத்த கோழி 40 நிமிடத்தில் வேகும் கணக்கு

போன தீபாவளிக்கு அக்கா குடும்பம் செல்லூர் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு முழுக்கோழியை அப்படியே ஓவனில் வைத்தேன். ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, 190 டிகிரி, ஒரு மணி இருபது நிமிடம். வெளியே எடுத்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெட்டினால் நெஞ்சுக்கறி நூல் நூலாகப் பிரிந்து வாயில் ஒட்டுகிறது, தொடையை இடுப்போடு சேர்த்துத் திருப்பினால் மூட்டுப் பக்கம் கறி இன்னும் வழவழவென்று பச்சையாக இருக்கிறது. ஒரே கோழி, ஒரே ஓவன், ஒரு பக்கம் வெந்து காய்ந்துபோயிருக்கிறது, இன்னொரு பக்கம் வேகவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே எடைக் கோழியை முதுகெலும்பை எடுத்து, விரித்து, தட்டையாக வைத்தேன். 42 நிமிடத்தில் இரண்டு பக்கமும் சரியாக வந்தது. ஆங்கிலத்தில் இதற்கு ஸ்பாட்ச்காக் என்று பெயர். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில் கோழியைப் பற்றி ஒன்று. நெஞ்சும் தொடையும் ஒரே கறி கிடையாது. பிராய்லர் கோழி பறப்பதில்லை, அதனால் நெஞ்சில் இருப்பது அதிகம் உழைக்காத தசை, கொழுப்பு குறைவு, சவ்வு குறைவு. அது 65 டிகிரியைத் தாண்டும்போதே நார்கள் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே தள்ள ஆரம்பித்துவிடும். 80-க்குப் போய்விட்டால் நீங்கள் எவ்வளவு மசாலா ஊற வைத்திருந்தாலும் அது வறண்டதுதான். தொடையும் காலும் நாள் முழுக்க உடம்பைத் தாங்கி நிற்கிற தசை. அதில் கொலாஜன் என்கிற கெட்டியான சவ்வு நிறைய உண்டு. அது 70 டிகிரிக்கு மேல் போய், கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தால்தான் இளகி ஜெலட்டினாக மாறும், ஆட்டுக்கால் சூப்பு ஆறினால் பிசுபிசுவென்று கெட்டியாகுமே, அதே பொருள். ஆகவே நெஞ்சுக்கு 70-லிருந்து 74 போதும், தொடைக்கு 80 பக்கம் இருந்தால்தான் சாப்பிட நன்றாக இருக்கும். தொடை நெஞ்சைவிட அதிகச் சூடாக வேண்டும்.

முழுக்கோழியில் நடப்பது இதற்கு நேர் எதிர். நெஞ்சு மேலே துருத்திக்கொண்டு ஓவனின் மேல் கம்பிக்கு நேராக நிற்கிறது. தொடை உடம்போடு ஒட்டி மடங்கிக் கிடக்கிறது, அதன் உள்பக்கத்துக்குச் சூடான காற்று போகவே வழியில்லை. வயிற்றுக்குள் இருக்கும் வெற்றிடத்தில் காற்று இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்தக் காற்று உள்ளே வெளியே என்று ஓடுவதில்லை, கறியிலிருந்து வரும் ஈரத்தோடு அங்கேயே தேங்கிக் கிடக்கும். எனவே இடுப்பு மூட்டுக்குச் சூடு போக வேண்டுமென்றால் வெளியே இருந்து கறி வழியாக ஊர்ந்துதான் போக வேண்டும்.

அந்த ஊர்தலுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு திடப்பொருளின் நடுவுக்குச் சூடு போய்ச் சேர ஆகும் நேரம் தடிமனோடு மட்டும் கூடுவதில்லை, தடிமனின் வர்க்கத்தோடு கூடும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்கு. கருவாடு போடுகிறவர்கள் பெரிய மீனைப் பிளந்து விரித்துத்தான் வெயிலில் போடுவார்கள், முழுசாகப் போட்டால் மேலே காய்ந்துவிடும், உள்ளே ஈரம் அப்படியே நின்று கெட்டுப்போகும். அங்கே ஈரம் வெளியே வர வேண்டும், இங்கே சூடு உள்ளே போக வேண்டும், கணக்கு ஒன்றேதான். விரித்த கோழியில் ஆகத் தடிமனான இடமே நாலைந்து சென்டிமீட்டர்தான் இருக்கும், முழுக்கோழியில் ஏறக்குறைய பாதி. அப்படியானால் நேரம் நான்கில் ஒன்றாகக் குறைய வேண்டாமா என்றால், வேண்டாம். ஓவன் காற்று தோலுக்குச் சூட்டைக் கொடுக்கிற வேகம் குறைவு, அது தடிமனைப் பொறுத்தது இல்லை. அதனால்தான் நடைமுறையில் பாதி நேரத்துக்கு வந்து நிற்கிறது.

நேரம் குறைவதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. விரித்ததும் தொடை இரண்டும் ஓரத்துக்கு வந்துவிடுகின்றன. மேலே, கீழே, பக்கவாட்டில் என்று மூன்று பக்கமும் சூடு படுகிறது, தடிமனும் நெஞ்சைவிடக் கம்மி. நெஞ்சு நடுவில், தடிமனான எலும்போடு, தொடையின் அதே மட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. எது அதிகம் வேக வேண்டுமோ அது முந்திக்கொள்கிறது, எது நிதானமாக வேக வேண்டுமோ அது பின்தங்குகிறது. நான் அந்த ஞாயிற்றுக்கிழமை குத்திப் பார்க்கிற வெப்பமானியால் பார்த்தபோது 25-வது நிமிடத்தில் நெஞ்சு 49, தொடை 58. 42-வது நிமிடத்தில் நெஞ்சு 70, தொடை 79. இடையில் அந்த ஒன்பது டிகிரி வித்தியாசம் அப்படியே கூட வந்தது.

கடையில் கேட்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன், இங்கேதான் பலருக்குத் தப்பாகும். நம் பக்கக் கோழிக்கடைகளில் நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையென்றால் தோலை உரித்து, குழம்புத்துண்டு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். "அண்ணே, தோலோட வேணும், துண்டு போட வேண்டாம், முழுசாக் குடுங்க" என்று கத்தி எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். எடை சுத்தம் செய்த பிறகு 1.3 கிலோவிலிருந்து 1.5 வரை இருந்தால் வீட்டு ஓவனுக்குப் பொருந்தும். நாட்டுக்கோழி இதற்கு வேண்டாம். அது பல மாதம் ஓடித் திரிந்த கோழி, அதன் கொலாஜன் நன்றாக இறுகியிருக்கும், 40 நிமிடத்தில் இளகாது. அதற்குக் குழம்புதான் சரி.

வீட்டுக்கு வந்ததும் கோழியை நெஞ்சு கீழே இருக்கும்படி குப்புறப் போடுங்கள். வால் பக்கத்திலிருந்து கழுத்து வரை முதுகெலும்பின் ஒரு ஓரமாக, எலும்பை ஒட்டியே, தடித்த சமையல் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டே போங்கள். விலா எலும்புகள் சின்னச் சின்னதாக நறுக் நறுக்கென்று விடும். இடுப்பு வரும் இடத்தில் மட்டும் கத்தரி நின்றுவிடும், அங்கே பலத்தைக் காட்டாமல் நாலு மில்லிமீட்டர் உள்ளே, முதுகெலும்புப் பக்கமாகத் தள்ளி வெட்டினால் மூட்டைத் தாண்டிப் போய்விடும். மறு ஓரத்திலும் அதேபோல. இரண்டு விரல் அகலத்தில் முதுகெலும்பு தனியாக வந்துவிடும், அதை எடுத்து வையுங்கள். இப்போது உள்பக்கம் நெஞ்செலும்பின் மேல்முனையில் வெள்ளையாகக் குருத்தெலும்பு தெரியும், அதில் கத்தி முனையால் ஒரு கீறல். கோழியைத் திருப்பிப் போட்டு, இரண்டு உள்ளங்கையையும் நெஞ்சின் நடுவில் வைத்து, சப்பாத்தி மாவை அழுத்துகிற மாதிரி உடம்பின் எடையைக் கொடுங்கள். டக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வராவிட்டால் நெஞ்சு இன்னும் கூடாரம் மாதிரி நிற்கிறது என்று அர்த்தம், இன்னொரு தரம் அழுத்துங்கள். இறக்கை நுனிகளைப் பின்னால் சொருகிவிடுங்கள், இல்லாவிட்டால் அது கருகும்.

விரித்ததில் தோல் முழுக்க மேல்பக்கம் வந்துவிடுகிறது, எல்லா இடமும் ஒரே மாதிரி சிவக்கும். ஆனால் ஈரம் இருக்கிற வரைக்கும் தோல் 100 டிகிரியைத் தாண்டாது, வருகிற சூடு எல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். தோல் பொன்னிறமாவதற்கு 140-க்கு மேல் வேண்டும். அதனால் தயிர், இஞ்சி பூண்டு விழுது என்று ஈரமான மசாலாவைத் தோல்மேல் பூசுவதை நான் விட்டுவிட்டேன், மிளகாய்த்தூள் 220 டிகிரியில் கருகிக் கசக்கவும் செய்யும். அந்த விழுதைத் தோலுக்கு அடியில், கையை விட்டுத் தடவிக்கொள்ளலாம். தோல்மேல் நன்றாகத் துடைத்துவிட்டு உப்பும் மிளகும் மட்டும். உப்பு கோழி எடையில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது 1.4 கிலோவுக்கு 14 கிராம், விழுதில் உப்பு இருந்தால் அதையும் சேர்த்துத்தான் கணக்கு. ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜின் அடித்தட்டில் மூடாமல் வைத்தால் உப்பு உள்ளே இறங்கும், தோல் காகிதம் மாதிரி காயும். மதுரை வெயிலில் வெளியே வைத்துக் காயவிடுகிற வேலை மட்டும் கூடாது.

ஓவன் 220 டிகிரி. முழுக்கோழிக்கு இந்தச் சூடு வைத்தால் உள்ளே வேகும் முன் வெளியே அதிகமாகச் சிவந்துவிடக்கூடும், தட்டையாக இருப்பதால் இதற்கு நன்றாகத் தாங்குகிறது. மேல்கம்பி, கீழ்கம்பி இரண்டும் எரிய வேண்டும், நடுத்தட்டில் வையுங்கள், அடியில் பெரிதாக வெட்டிய வெங்காயத்தைப் பரப்பினால் சொட்டுகிற கொழுப்பு புகையாது. 40-லிருந்து 45 நிமிடம். வாங்கும் முன்பே ஓவன் தட்டை அளந்துகொள்ளுங்கள், விரித்த கோழிக்கு ஏறக்குறைய ஓர் அடி அகலம் வேண்டும். தொடை சுவரை முட்டினால் அந்தப் பக்கம் மட்டும் கருகும்.

சாயங்காலம் கரண்ட் மட்டமாக வருகிற வீடுகளில் இந்த நேரம் செல்லாது. கம்பியின் சூடு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 200-க்கு இறங்கினால் பார்க்கக் கொஞ்சம்தான் குறைந்த மாதிரி இருக்கும், சூடு கால்வாசி போய்விடும். திருகு 220-இல் நின்றாலும் உள்ளே அந்தச் சூடு வர வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகும். ஓவனுக்குள் வைக்கிற சின்ன வெப்பமானி ஒன்று போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், 220 வந்த பிறகுதான் கோழி உள்ளே போக வேண்டும்.

வெந்துவிட்டதா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிராய்லர் சின்ன வயதுக் கோழி, எலும்பு இன்னும் முழுசாக இறுகியிருக்காது, மஜ்ஜையின் சிவப்பு வெளியே கசிந்து நன்றாக வெந்த கறியும் எலும்போரம் இளஞ்சிவப்பாக இருக்கும். வெப்பமானியை நெஞ்சின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்துங்கள், பட்டால் தப்பான அளவு காட்டும். அங்கே 70 வந்ததும் எடுத்து பத்து நிமிடம் சும்மா விடுங்கள், வெளிப்பக்கச் சூடு உள்ளே போய் 74-க்கு ஏறிவிடும். தொடையிலும் ஒருமுறை பாருங்கள், 75-க்குக் கீழே இருந்தால் ஐந்து நிமிடம் திரும்ப உள்ளே. ஓரமெல்லாம் சரியாகி நெஞ்சு மட்டும் 60-லேயே நின்றால் நெஞ்செலும்பு சரியாக உடையவில்லை, நடுவில் மேடு இருக்கிறது என்று அர்த்தம்.

எடுத்து வைத்த முதுகெலும்பை, கோழி ஓவனில் இருக்கும் நேரத்தில் மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு குக்கரில் நாலு விசில் விட்டால், கோழி மேசைக்கு வரும்போது ரசமும் தயாராக இருக்கும். அக்கா அந்த ரசத்துக்காகவே இப்போது முதுகெலும்பைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.